தேவாரம் கிடைத்த கதையைப் பாடமாகப் படிப்பது: புதிய மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

மலாக்காவில் நம் பிள்ளைகள் தேவாரத்தைப் பெரும்பாலும் காதால்தான் முதலில் கற்கிறார்கள். ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ, தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசையில் பெரியவர்கள் பாட, கூடவே பாடிப் பழகியவர்கள். சிலர் மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை விழாவுக்காக ஒரு பதிகத்தை மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருப்பார்கள். அப்படி வந்த மாணவர் படிவம் ஆறிலோ பல்கலைக்கழகத்திலோ சைவ இலக்கியம் படிக்கும்போது, "தேவாரம் தொகுக்கப்பட்ட வரலாற்றை ஆராய்க" என்று ஒரு கேள்வியைப் பார்க்கிறார். பாட்டு முழுசாத் தெரியும். ஆனால் கை ஓடாது. 'ஆராய்க' என்ற சொல்லே கொஞ்சம் பயமாக இருக்கும்.

வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தொடாமல், தேவார ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்ட கதையை மட்டும் நடுவில் வைத்துப் பேசுவோம். பக்தி வாசிப்பும் பாட வாசிப்பும் எங்கே பிரிகின்றன, எங்கே மறுபடி சந்திக்கின்றன என்பது இந்த ஒரு கதையிலேயே தெரிந்துவிடும்.

"சார், சாமி பாட்டை ஆராய்ச்சி பண்றது தப்பில்லையா? வீட்ல பாட்டி கோவிச்சுக்குவாங்க."

பாட்டியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆராய்ச்சி என்ற பெயரில் கேலி பேசியவர்களை அவர் பார்த்திருக்கலாம். ஆனால் பாடத்தில் நம்மிடம் கேட்கப்படுவது வேறு. பக்தியோடு வாசிப்பவர் "இந்தப் பாட்டு என்னிடம் என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார். பாடமாக வாசிப்பவர் "இதை யார், எப்போது, யாருக்காகச் சொன்னார்? நம் கைக்கு எந்த வழியாக வந்தது? அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டாவது கேள்வி தேவையில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்பதால் முதலாவது அழிந்துபோவதும் இல்லை. காலையில் கோயிலில் பாடிவிட்டு மாலையில் அதே பதிகத்தின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பேராசிரியர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று. இந்த வேலையை நீங்கள் ஏற்கனவே செய்து பழகியவர்கள்தான். வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா தோன்றிய கதையைப் படித்தீர்கள். மலாக்கா மரத்தடியில் மன்னர் நிற்க, ஒரு சருகுமான் வேட்டைநாயை உதைத்துத் தள்ளியது என்பது செஜாரா மெலாயு சொல்வது. 1510களில் இங்கே இருந்த போர்த்துகீசியர் தோமே பீரெஸ் எழுதிவைத்த வரலாறு வேறு மாதிரிப் போகிறது. ஆசிரியர் உங்களிடம் "சருகுமான் பொய்யா, சொல்லு" என்று கேட்கவில்லை. இந்த நூல் இப்படிச் சொல்கிறது, அந்த நூல் அப்படிச் சொல்கிறது, ஏன் என்று யோசி என்றார். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது தேவாரத்தைப் பார்க்கப்போகிறோம்.

"சரி, அந்தக் கதைதான் என்ன?"

நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிக்கொள்வது நல்லது. கதையை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் அதை ஆராயக் கிளம்புவதுதான் மாணவர்களின் முதல் தவறு.

சோழ மன்னன் ஒருவன் மூவர் பாடல்களில் சிலவற்றைக் கேட்டு உருகி, முழுவதையும் தேடுகிறான். எங்கும் கிடைக்கவில்லை. திருநாரையூரில் பொல்லாப்பிள்ளையாரின் அருள் பெற்ற நம்பியாண்டார் நம்பியிடம் வருகிறான். தில்லைக் கோயிலில் ஓர் அறையில் ஏடுகள் இருப்பதாகப் பிள்ளையார் நம்பி வழியாகத் தெரிவிக்கிறார். தில்லைவாழ் அந்தணர்களோ, பாடிய மூவரும் வந்தால்தான் அறை திறக்கும் என்கிறார்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே பார்த்தால் ஏடுகளின்மேல் கறையான் புற்று. எண்ணெய் விட்டுப் புற்றை நீக்கி எடுத்தால் பெரும்பகுதி அழிந்திருக்கிறது. மன்னன் கலங்கும்போது, இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று ஒரு குரல் எழுகிறது. பிறகு நம்பி அவற்றை முறைப்படுத்துகிறார். மறந்துபோன பண்களை, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் எருக்கத்தம்புலியூரில் மீட்டுத் தருகிறார்.

அழகான கதை. இப்போது வேலை.

"முதலில் எதைக் கேட்கணும்?"

இந்தக் கதையை நமக்குச் சொல்வது எந்த நூல், அது எப்போது எழுந்தது? இதுதான் முதல் கேள்வி. இதற்கு ஒரு பென்சிலும் ஒரு நேர்க்கோடும் போதும்.

கோட்டில் மூவரைக் குறியுங்கள். சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டு. சுந்தரர் அவர்களுக்குப் பின். கதையில் வரும் மன்னன் முதலாம் இராசராசன் (985–1014) என்று பொதுவாகச் சொல்வார்கள். அதிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதையை விரிவாகச் சொல்லும் நூல் திருமுறைகண்ட புராணம். அது உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கப்படுவது. உமாபதியார் வாழ்ந்தது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி.

கோட்டைப் பாருங்கள். நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அதைச் சொல்லும் நூலுக்கும் இடையே ஏறக்குறைய 300 ஆண்டு. மலாக்காவில் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்த 1781க்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளியைவிட அதிகம். அதனால் நூல் சொல்வது தவறாகிவிடாது. ஆனால் அது நேரில் பார்த்தவர் எழுதிய குறிப்பு அல்ல, வழிவழியாக வந்த மரபைப் பதிவு செய்த நூல் என்று தெரிகிறது. அப்படியானால் அதற்கு முந்திய சான்று ஏதாவது உண்டா என்று தேட வேண்டும்.

"ஏடு போச்சுன்னா வேற என்ன சான்று இருக்கும்?"

கல். நம் அதிர்ஷ்டம், தமிழ்நாட்டுக் கோயில்கள் கணக்கைக் கல்லில் எழுதிவைத்தன. யாருக்கு எவ்வளவு நெல், எந்த விளக்குக்கு எவ்வளவு நெய் என்று எழுதும்போது, பாட்டுப் பாடுகிறவருக்கு என்ன கூலி என்பதும் அதில் வந்துவிடுகிறது. அவர்கள் நமக்காக வரலாறு எழுதவில்லை, சம்பளப் பட்டியல் எழுதினார்கள். அதனாலேயே அது நம்பகமான சான்று.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் கல்வெட்டு ஒன்று திருப்பதியம் பாடுவதற்கு 48 பிடாரர்களை நியமித்ததைச் சொல்கிறது. திருப்பதியம் என்பது திருப்பதிகத்தின் பழைய வடிவம். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர்; ஆக 50 பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி நெல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 பேருக்கு 150 குறுணி, 12 குறுணி ஒரு கலம் என்றால் தினமும் பன்னிரண்டரைக் கலம் நெல். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேர்ந்து பாடவைக்க வேண்டும். எவ்வளவு கவனமான ஏற்பாடு!

இங்கே நிறுத்தி யோசியுங்கள். பாடல்களே இப்போதுதான் கிடைத்தன என்றால், பாடத் தெரிந்த 48 பேர் எங்கிருந்து வந்தார்கள்? கண்டெடுத்த பிறகு பயிற்சி கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். சொல்ல வேண்டும், அதுதான் ஆராய்ச்சி. அப்படியென்றால் இராசராசனுக்கு முந்திய கல் ஏதாவது உண்டா என்று பார்ப்போம்.

உண்டு. வேலூர்ப் பக்கம் திருவல்லத்தில், 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கல்வெட்டு ஒன்று கோயில் பணியாளர்களுக்கு நெல் ஒதுக்கும்போது திருப்பதியம் பாடுவாரையும் சேர்த்துக்கொள்கிறது. இராசராசன் அரியணை ஏறுவதற்கு நூறு ஆண்டுக்கும் முன்னால். பிறகு 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்திலும் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் தெரிகின்றன.

ஆக, இராசராசன் காலம் வரை பதிகங்கள் யாருக்கும் தெரியாமல் முழுசா மறைந்து கிடந்தன என்று எழுத முடியாது. சில கோயில்களிலாவது யாரோ ஒருவர் நெல் வாங்கிக்கொண்டு தினமும் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

"அப்படின்னா கதை பொய்தானே டீச்சர்?"

இந்த இடத்தில்தான் கெட்டிக்கார மாணவர்கள் சறுக்குகிறார்கள். பக்தியில் மட்டும் நின்ற மாணவர் கதையை அப்படியே எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார். கல்வெட்டைத் தெரிந்துகொண்ட மாணவர் "இது கட்டுக்கதை" என்று ஒரே வரியில் முடித்து மதிப்பெண்ணை இழக்கிறார். இரண்டுமே சான்று தருவதைத் தாண்டிப் போன பதில்கள்தான்.

கல்வெட்டு என்ன சொல்லவில்லை என்று பாருங்கள். திருவல்லத்துக் கல் 'திருப்பதியம்' என்கிறது. எத்தனை பதிகம்? யார் பாடியது? சொல்லவில்லை. அந்தக் கோயிலில் பாடியவருக்கு அந்தத் தலத்துப் பதிகமும் வேறு சிலவும் மட்டும் தெரிந்திருக்கலாம். நம் தோட்டத்துக் கோயிலில் பாடும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டாகப் பாடுகிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து பதிகமாக இருக்கும். அவரை வைத்து 'ஏழு திருமுறையும் இந்தத் தோட்டத்தில் இருந்தது' என்று சொல்ல முடியுமா?

ஊருக்கு ஊர் சில பதிகங்கள் வாயில் வாழ்ந்திருக்கலாம். மொத்தமும் ஓரிடத்தில் சேர்ந்து, பண் வாரியாக வரிசைப்பட்ட தொகுப்பாக இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தத் தொகுப்பு உருவானதைத்தான் பின்வந்த மரபு 'கண்டெடுத்தல்' என்று நினைவில் வைத்தது என்று விளக்குவது இரண்டு சான்றுகளுக்கும் பொருந்துகிறது. இது முடிந்த முடிவு அல்ல; இன்றைக்கு நம்மிடம் உள்ள சான்றுக்கு அதிகம் முரண்படாத விளக்கம். 'இருந்திருக்கலாம்' என்ற சொல்லைத் தேர்வுத்தாளில் எழுத வெட்கப்பட வேண்டாம். அதற்கு முன்னால் காரணம் இருந்தால் போதும்.

அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. நடந்ததா இல்லையா என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஏடுகள் ஏன் திருவாரூரிலோ சீகாழியிலோ கிடைக்காமல் தில்லையில் கிடைக்கின்றன? சைவ உலகில் 'கோயில்' என்றாலே தில்லை என்ற நிலையைக் கதை உறுதிப்படுத்துகிறது. மூவரின் உருவங்கள் வந்ததும் கதவு ஏன் திறக்கிறது? உருவமும் அடியாரும் ஒன்றே என்று கதை ஏற்றுக்கொள்கிறது. அரசன் கேட்டும் திறக்காத அறை அடியார் வந்ததும் திறக்கிறது. அந்தக் குரல் எதற்கு? மரபில் சம்பந்தர் பாடிய பதிகங்கள் 16,000 என்பார்கள். இன்று இருப்பவை 400க்கும் குறைவு. இவ்வளவு பெரிய இழப்பைக் கதை அருளாக மாற்றித் தருகிறது. பாடலை இழந்த சமூகத்துக்கு அது தேவையான ஆறுதல். இதைக் கவனித்து எழுதும் மாணவர் கதையை அவமதிக்கவில்லை. வெறுமனே திருப்பிச் சொல்பவரைவிட அதற்கு அதிக மரியாதை தருகிறார் என்பது என் எண்ணம்.

"சம்பந்தர் பதிகம் 383ன்னு ஒரு புத்தகம், 384ன்னு இன்னொரு புத்தகம். எது சரி?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரும்பாலானவர்கள் அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

ஏட்டுச் சுவடிகளின் வழியாக நமக்கு வந்த சம்பந்தர் பதிகங்கள் 383. திருவாரூர்ப் பகுதியில் திருவிடைவாய் என்று ஒரு தலம். அந்தத் தலத்துக்குரிய சம்பந்தர் பதிகம் எந்த ஏட்டிலும் இல்லை. 1917இல் அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலிருந்து அது வெளிப்பட்டது. ஓலையில் அழிந்தது கல்லில் பிழைத்துக் கிடந்தது! அதைச் சேர்த்து எண்ணினால் 384. வேறு சேர்க்கைகளையும் ஏற்கும் பதிப்புகளில் எண் இன்னும் ஒன்றிரண்டு கூடும். ஆகவே தேர்வில் எண்ணை எழுதினால், 'சுவடிவழி 383. திருவிடைவாய்ப் பதிகத்தோடு 384' என்று எழுதுங்கள். திருத்துபவருக்கு நீங்கள் எண்ணை ஒப்பிக்கவில்லை, விஷயம் தெரிந்து எழுதுகிறீர்கள் என்று புரியும்.

இப்போது கறையான் கதைக்குத் திரும்புங்கள். ஏடுகள் முழுவதும் கிடைக்கவில்லை, சில பதிகங்கள் அழிந்துபோயின என்று கதை சொன்னதல்லவா? திருவிடைவாய்க் கல் அதற்கு நேர்ச்சான்று: தொகுப்புக்குள் வராமல் விடுபட்ட பதிகம் உண்மையிலேயே இருந்திருக்கிறது. ஒரு கல் கதையின் ஒரு பகுதியைக் கேள்வி கேட்டது. இன்னொரு கல் வேறொரு பகுதிக்குத் துணை நிற்கிறது. சான்று யாருக்கும் கட்சி கட்டாது.

"பாட்டுக்குள்ளேயே பார்க்க ஒண்ணும் இல்லையா? எல்லாம் வெளியிலதானா?"

நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முழுப் பதிகம் வேண்டும். கோயிலில் கொடுக்கும் சிறு புத்தகத்தில் பதிகத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் இருக்கும். தலம், பண் இவற்றின் பெயர்கூட விட்டுப்போயிருக்கும். அதைப் பார்த்தே பழகியதால் பதிகம் என்றால் ஒரு பாட்டு என்று எழுதிய மாணவர்கள் உண்டு. முழுப் பதிப்பு ஒன்றை நூலகத்தில் எடுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1984 முதல் வெளியிட்ட தி. வே. கோபாலையர் பதிப்பு ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்துவது. கிடைக்காவிட்டால் பண்முறைப்படி அமைந்த எந்த நல்ல பதிப்பும் போதும்.

சம்பந்தர் பதிகம் ஒன்றை எடுத்து எட்டாவது பாட்டிலிருந்து படியுங்கள். பெரும்பாலானவற்றில் எட்டாவதில் இராவணன் வருவான். ஒன்பதாவதில் திருமாலும் பிரமனும் அடிமுடி காணாமல் நிற்பார்கள். பத்தாவதில் சமணரும் பௌத்தரும். பதினோராவதில் தம் பெயரையும் ஊரையும் சொல்லி, பாடுவோர் பெறும் பயனைச் சொல்வார். இதைத் திருக்கடைக்காப்பு என்கிறோம். பாடிப் பழகிய காதுக்கு இது தெரியாது. அடுத்தடுத்து ஐந்து பதிகத்தை மேசையில் விரித்துப் பார்க்கும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புதிதாகக் கிடைத்த ஒரு பதிகம் சம்பந்தருடையதா என்று சோதிக்க இந்த அமைப்பும் ஓர் உரைகல். ஆனால் நல்ல போலிக்காரர் இதையும் பின்பற்றுவார் என்பதால், இது மட்டுமே போதாது.

ஒரு எச்சரிக்கை. முதல் திருமுறையின் முதல் பதிகம் சம்பந்தர் மூன்று வயதில் பாடியது என்பது மரபு. அதை வைத்து, திருமுறையில் உள்ள வரிசையே அவர் பாடிய வரிசை என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. முதல் மூன்று திருமுறைகளும் பண் வரிசையில் அமைந்தவை. நட்டபாடைப் பண் முதலில் வருகிறது. தலமுறைப் பதிப்பை எடுத்தால் அதே பதிகங்கள் வேறு வரிசையில் இருக்கும். இரண்டுமே தொகுத்தவர்கள் செய்த ஒழுங்கு. காலவரிசையை அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

"பத்தாவது பாட்டை வகுப்புல எப்படிச் சொல்றது?"

இது ஆசிரியர்கள் கேட்பது. வகுப்பில் பௌத்த மாணவர் இருக்கலாம். இருக்காவிட்டாலும் கேள்வி ஒன்றுதான். பாட்டைத் தாண்டிக் குதித்துவிடுவது சிலர் வழக்கம். நான் அதை ஆதரிக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் அரசரின் ஆதரவுக்கும் மக்கள் மனத்துக்கும் சமயங்கள் போட்டியிட்டன. அந்தப் போட்டியில் ஒரு தரப்பின் குரல் இது என்று சொல்லுங்கள். எதிர்த்தரப்பைப் பற்றி ஒருவர் வசைபாடுவதிலிருந்து அந்தத் தரப்பு எப்படிப்பட்டது என்று முடிவு செய்ய முடியாது. இவர் கண்ணுக்கு அது எவ்வளவு வலுவாகத் தெரிந்தது என்றுதான் முடிவு செய்யலாம். ஆளே இல்லாத எதிரியை ஒவ்வொரு பதிகத்திலும் யாரும் திட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள் இல்லையா?

"நான் கிறிஸ்தவன். தேவாரத்தைப் பற்றி எழுதினா ஏத்துக்குவாங்களா?"

தாராளமாக. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை 1960களில் தலைமையேற்று நடத்தி, 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய தனிநாயக அடிகள் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி. யு. போப்பும் அப்படியே கிறிஸ்தவ குருதான். நம்பிக்கை உள்ளவருக்கு ஒரு வசதி உண்டு: பாட்டு எங்கே உருகுகிறது என்று சொல்லாமலே தெரியும். வெளியிலிருந்து வருபவருக்கு வேறொரு வசதி: மற்றவர் கேட்க மறந்த 'ஏன்' அவருக்குச் சட்டென்று வரும்.

"கடைசியா, பதிலை எப்படி எழுதணும்?"

ஒரு மாதிரி காட்டுகிறேன். வழக்கமாக வரும் விடை இது:

'சிவபெருமான் திருவருளால் நம்பியாண்டார் நம்பி தில்லையில் தேவார ஏடுகளைக் கண்டெடுத்து உலகுக்கு அளித்தார்.'

கோயில் மலருக்கு இது சரி. தேர்வுத்தாளில் இதையே இப்படி எழுதலாம்:

'தேவார ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. இந்நூல் நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு பிந்தியது. 9ஆம் நூற்றாண்டுத் திருவல்லக் கல்வெட்டு அதற்கு முன்பே கோயிலில் திருப்பதியம் பாடப்பட்டதைக் காட்டுகிறது. எனவே பாடல்கள் முற்றிலும் மறைந்திருந்தன என்பதைவிட, சிதறியிருந்தவை தொகுக்கப்பட்டன என்று கொள்வதே பொருந்தும்.'

என்ன மாறியது? 'கூறுகிறது' என்ற ஒரு சொல் வந்ததும், சொல்வது நூல், எழுதுவது நான் என்று பிரிந்துவிட்டது. பிறகு நூலின் காலம், அதற்கு வெளியே உள்ள சான்று, கடைசியில் அளவான முடிவு. இரண்டாவது விடையில் கடவுளை மறுக்கும் வரி எங்காவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். பாட்டியிடமும் இதைப் படித்துக்காட்டலாம்.

பயிற்சி வேண்டுமென்றால் சிதம்பரம் வரைக்கும் போக வேண்டாம். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலோ முனியாண்டி கோயிலோ எப்படி உண்டானது என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சுண்ணாம்புச் சுவரில் பதித்த கல், பழைய ரசீதுப் புத்தகம், கும்பாபிஷேக மலர் என்று எழுத்தில் உள்ள எதையாவது பாருங்கள். கங்காணியின் கனவில் அம்மன் வந்தாள் என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் அந்தக் கனவை வேறொருவர் தலையில் வைப்பார். எதையும் திருத்தாமல், சொன்னவர் யார், எந்த ஆண்டு பிறந்தவர், அதை யாரிடமிருந்து கேட்டார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டம் கைமாறியபோது கோயிலும் இடம் மாறியிருக்கலாம். ஆகவே கல்லில் உள்ள ஆண்டு கோயில் தொடங்கிய ஆண்டா, திருப்பணி முடிந்த ஆண்டா, புது இடத்துக்கு வந்த ஆண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.